‘பி.டி. கொடுக்கவும்’: ஒரே நோயாளி, இரண்டு தடவை

கேஸ் ஷீட்டில் இருந்தது ஒரே வரிதான். “செஸ்ட் பிசியோ, பி.டி. கொடுக்கவும்.” பி.டி. என்றால் போஸ்சுரல் டிரெயினேஜ். நோயாளியைச் சாய்த்தும் கவிழ்த்தும் படுக்கவைத்து, நுரையீரலின் அடியில் தேங்கிய சளி தன் எடையாலேயே பெரிய மூச்சுக்குழாய்க்கு வடிந்து வரும்படி செய்வது. நான்கு நாள் இடைவெளியில் ஒரே ஆளுக்கு இரண்டு முறை இந்த வரி எழுதப்பட்டது, இரண்டு முறையும் பிசியோதெரபிஸ்ட்டான நான் அதைச் செய்யவில்லை. ஆனால் முதல் தடவை செய்யாததற்குக் காரணம் வேறு, இரண்டாம் தடவை செய்யாததற்குக் காரணம் வேறு. அதனால்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மதுரை கீழமாசி வீதியில் மூட்டை தூக்குபவர், வயது 58. முப்பது வருஷத்துக்கும் மேலாக பீடி. இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரை, அதுவும் பல நேரம் வெறும் வயிற்றில். அப்புறம் என்ன, ஒரு சனிக்கிழமை மதியம் முன்சிறுகுடல் புண் ஓட்டையாகி, வயிறு பலகை மாதிரி இறுகிப்போய் வந்து சேர்ந்தார். ராத்திரியே ஆபரேஷன். நெஞ்செலும்புக்குக் கீழிருந்து தொப்புளுக்குக் கீழ்வரை நேர்க்கோடாகத் திறந்து, ஓட்டையை வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையின் ஒரு துண்டால் மூடித் தைத்து, வயிற்றைக் கழுவிவிட்டு, இரண்டு டிரெயின் குழாய் வைத்து மூடினார்கள். மூக்கில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரே தலையணையில் மல்லாக்கப் படுத்திருந்தார். ஞாயிறு என்பதால் பிசியோ யாரும் அந்த வார்டுக்குப் போகவில்லை. அந்த ஒரு நாள்தான் பிற்பாடு கணக்கைக் கேட்டது.

திங்கள் காலை நான் பார்த்தபோது நிமிடத்துக்கு 28 மூச்சு, எல்லாம் மேலாக, நாய்க்குட்டி இளைப்பது மாதிரி. நாடித் துடிப்பு 108. காய்ச்சல் 100.4. வெளி ஆக்சிஜன் இல்லாமல் விரலில் கருவி மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் அளவு 90, முகமூடியில் நான்கு லிட்டர் வைத்தால் 95. முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் இடது பக்கம் பரவாயில்லை, வலது அடிப்பகுதியில் மூச்சுச் சத்தம் பாதிகூட இல்லை, மூச்சை இழுத்து முடிக்கும் இடத்தில் மட்டும் மெல்லிய பொரிவுச் சத்தம். எக்ஸ்ரேயில் வலது உதரவிதானம் மேலே ஏறியிருந்தது, அதற்கு மேலே பட்டை மாதிரி ஒரு நிழல். வலது கீழ் மடலின் அடிப்பாகம் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

என்னோடு வந்த பயிற்சி மாணவர் புத்தகத்தில் படித்ததைச் சரியாகவே சொன்னார். “மேடம், கீழ் மடலின் பின்பக்க அடிப்பாகம்னா, கவிழ்ந்து படுக்கவைத்து கட்டிலின் கால்மாட்டை ஒன்றரை அடி உயர்த்தணும், இல்லையா?”

புத்தகப்படி சரிதான். அந்த மடலுக்கு அதுதான் நிலை. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: அந்த மடல் ஏன் சுருங்கியது? சளி அடைத்ததாலா, காற்று போகாததாலா? இரண்டும் எக்ஸ்ரேயில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும்.

மயக்க மருந்து, மல்லாந்து கிடப்பது, உப்பிய வயிறு, மேல்வயிற்றுக் கீறல் நான்கும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்கின்றன. உதரவிதானம் மேலே ஏறிவிடுகிறது, மூச்சை விட்டு முடித்த பிறகு நுரையீரலில் மிச்சம் இருக்கும் காற்று குறைகிறது. அது ஓர் அளவுக்குக் கீழே போனால் அடிப்பகுதியின் சின்னக் குழாய்கள் மூச்சு விடும்போதே மூடிக்கொள்ளும், உள்ளே மாட்டிய காற்றை ரத்தம் உறிஞ்சிவிடும், காற்றறைகள் ஒட்டிப்போகும். மேல்வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு முதல் ஓரிரு நாளில் ஒருவர் முழுசாக இழுத்து விடக்கூடிய காற்று பழைய அளவில் ஏறக்குறைய பாதிதான். இதில் பலருக்குத் தெரியாத விஷயம், வலியை நன்றாகக் குறைத்தாலும் உதரவிதானம் உடனே பழையபடி வேலைக்கு வராது. வயிற்றுக்குள் கை வைத்ததன் அனிச்சை விளைவாகவே அது சில நாள் மந்தமாக இருக்கும். ஆக இங்கே நோயின் வேர் காற்றுக் குறைவு. சளி அதன் மேல் ஏறி உட்கார்ந்த இரண்டாவது பிரச்சினை, பீடி பிடிப்பவர் என்பதால் கொஞ்சம் கெட்டியான பிரச்சினை.

இப்போது கால்மாட்டைத் தூக்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். குடல் இன்னும் அசையவில்லை, வயிறு உப்பியிருக்கிறது; அந்த எடை முழுவதும் உதரவிதானத்தின் மேல் சரியும். எந்தக் காற்றுக் குறைவால் படுத்தாரோ அதையே கூட்டுகிறோம். மூக்குக் குழாய் உணவுக்குழாயின் வாசலைத் திறந்தே வைத்திருப்பதால் இரைப்பையில் இருப்பது தொண்டைக்கு ஏறி நுரையீரலுக்குள் போகவும் வழி உண்டு. கவிழ்ந்து படுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், புதுத் தையல். சளி இளக நெஞ்சைத் தட்டுவதும் அப்படித்தான், வலியில் அவர் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலாக மூச்சு விடுவார். சாய்த்து வடிப்பது மோசமான வைத்தியம் என்று நான் சொல்லவில்லை. மூச்சுக்குழாய் விரிவு நோய் உள்ளவர்கள் தினமும் கால் டம்ளர் சளி துப்புவார்கள், அவர்களுக்கு அது கைகண்ட முறை. வடிவதற்கு அங்கே சரக்கு இருக்கிறது. இவரிடம் இருந்தது ஓரிரு ஸ்பூன், அதுவும் பசை மாதிரி. புவியீர்ப்பு மட்டும் அதை அசைக்காது, பின்னாலிருந்து காற்று தள்ள வேண்டும்.

சரி, என்ன செய்தேன்?

முதலில் ஒன்றும் செய்யவில்லை, வலி மருந்துக்குச் சொன்னேன். கடைசி ஊசி விடிகாலை நான்கு மணிக்குப் போட்டது. இவருக்கு டைக்ளோஃபெனாக் வகை எதுவும் கூடாது, அதுதானே ஓட்டை போட்டது. சிஸ்டர் டாக்டரிடம் கேட்டு பாராசிட்டமால் ஒரு கிராம் டிரிப்பில் ஏற்றினார், கூடவே டிரமடால். அரை மணி நேரம் கழித்துத்தான் கை வைத்தேன். இருமச் சொன்னால் வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன், எட்டிலிருந்து நாலுக்கு வந்திருந்தது. சும்மா படுத்திருக்கும்போது கேட்கும் வலிக் கணக்கு எனக்குப் பயன்படாது. படுத்திருக்கையில் எல்லோரும் ‘பரவாயில்லை’ என்றுதான் சொல்வார்கள்.

அப்புறம் கட்டிலின் தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தியபடியே இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தோம், வலது பக்கம் மேலே. நல்ல நுரையீரல் கீழே இருந்தால் ரத்தம் அதிகமாக அங்கே போகும், காற்றும் அங்கே இருக்கிறது, ஆக்சிஜன் ஏறும். சுருங்கிய பக்கம் மேலே இருந்தால் அதை விரிக்க இடம் கிடைக்கும், வடியவும் ஓரளவு வழி கிடைக்கும். ஐந்து நிமிடத்தில் 95 என்பது 97 ஆனது. மாணவரிடம், “பி.டி.யின் மிச்சம் இவ்வளவுதான் இவருக்கு” என்றேன்.

அடுத்தது மூச்சு. வலது கீழ் விலாவில் என் கையை வைத்து, “என் கையைத் தள்ளுங்க ஐயா” என்றேன். மெதுவாக மூக்கால் இழுத்து, முழுசாக இழுத்த இடத்தில் மூன்று எண்ணும்வரை நிறுத்தி, பேசாமல் விட்டுவிட வேண்டும். அந்த நிறுத்தம்தான் விஷயம். நிறுத்தும் நேரத்தில் திறந்திருக்கும் காற்றறையிலிருந்து பக்கத்து மூடிய அறைக்கு நுண் துளைகள் வழியாகக் காற்று கசியும், அடைத்த சளிக்குப் பின்னால் காற்று சேரும். இப்படி மூன்று அல்லது நான்கு, அதற்கு மேல் வேண்டாம், தலை சுற்றும். பிறகு அரை நிமிடம் சாதாரண மூச்சு. மறுபடி நான்கு. அதன் பிறகு ஊதி வெளியேற்றுவது, நாங்கள் ‘ஹஃப்’ என்போம்: பாதி மூச்சு இழுத்து, வாயையும் தொண்டையையும் திறந்து வைத்து, “ஹா” என்று நீளமாக. மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆவி ஊதுவோமே, அது மாதிரி. சூடான டீயை உதட்டைக் குவித்து ஊதுவது போல ஊதினால் வேலை செய்யாது. பலர் அதைத்தான் செய்வார்கள், இவரும் முதலில் செய்தார். ஆழத்தில் இருக்கும் சளி பாதி மூச்சு ஹஃப்பில் நகரும். அது மேலே வந்து தொண்டைக்குக் கீழே கரகரக்கும்போது முழு மூச்சு இழுத்து ஒரு ஹஃப் அல்லது ஒரே ஒரு இருமல். மடித்த துண்டைத் தையல் மேல் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிக்கச் சொன்னோம். மூன்றாவது சுற்றில் மஞ்சளாகக் கெட்டியாக ஒரு கட்டி வந்தது.

“தாயி, வயிறு பிஞ்சு போச்சு” என்றார். பார்த்தோம், ஒன்றும் பியவில்லை.

மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கும் மூன்று பந்து டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டில் ஓரத்தில் புதுசாக இருந்தது, அவர் அதை ஊதிக்கொண்டிருந்தார். அது உறிஞ்ச வேண்டிய கருவி. சொல்லிக்கொடுத்த பிறகு மூன்று பந்தையும் ஒரே வெடுக்கில் தூக்கிக் காட்டிப் பெருமைப்பட்டார். அதில் எழுதியிருக்கும் 600, 900, 1200 என்பது நொடிக்கு எத்தனை மில்லிலிட்டர் வேகம் என்பது, எவ்வளவு காற்று உள்ளே போனது என்பதல்ல. வெடுக்கென்று இழுத்தால் கொஞ்சக் காற்றிலேயே மூன்றும் ஏறும். ஒரே பந்தை ஏற்றி மூன்று நொடி நிறுத்திப் பிடிப்பது எவ்வளவோ மேல். மேல்வயிற்று ஆபரேஷனில் இந்த டப்பா மட்டுமே சிக்கலைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரமும் பலமாக இல்லை. ஆளுக்கு ஞாபகப்படுத்த ஒரு பொம்மையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

எழுப்பி உட்காரவைக்கப் போனபோதுதான் அவர் வீட்டம்மா குறுக்கே வந்தார். “வேணாம்மா, ரெண்டே நாள்தான் ஆவுது, தையல் பிரிஞ்சிரும். படுத்துக் கெடக்கட்டும்.” இந்த பயம் எல்லா வார்டிலும் உண்டு, அதை அதட்டி அடக்கக்கூடாது, பதில் சொல்ல வேண்டும். “அக்கா, வயித்தை மூடுன தையல் சீக்கிரத்துல கரையுற நூல் இல்ல. நடந்தா அது பிரியாது. பிடிமானம் இல்லாம இருமுறதும், நேரா விருட்டுனு எந்திரிக்கிறதும்தான் அதை இழுக்கும். அதனாலதான் பக்கவாட்டுல எழுப்புறோம்” என்றேன். முழங்காலை மடக்கி, மரக்கட்டை உருட்டுவது போல உடம்பை ஒரே துண்டாகத் திருப்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, முழங்கையை ஊன்றி எழுவது. தையல் உண்மையிலேயே விட்டுப்போவதற்கு வேறு அடையாளம் உண்டு: ஐந்தாம் நாள் வாக்கில் கட்டு திடீரென்று ரோஸ் நிறத் தண்ணீரில் நனையும். அதைப் பார்த்தால் நடையை நிறுத்திவிட்டுப் படுக்கவைத்து சர்ஜனைக் கூப்பிட வேண்டும். அதையும் அவரிடம் சொன்னேன், அப்புறம் அவரே தினமும் கட்டைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார், ஐந்து நிமிடம் நன்றாக இருந்தார். எழுப்பி நிற்கவைத்தோம். முகம் வெளுத்தது, கண் இருட்டுகிறது என்றார். படுத்திருக்கையில் 132/80 இருந்த ரத்த அழுத்தம் 106/70, நாடித் துடிப்பு 126. உட்காரவைத்துவிட்டேன். இங்கேதான் பலர் ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். மேல் அழுத்தம் 20க்கு மேல் விழுந்தால் அது சோம்பல் இல்லை, ஏதோ காரணம் இருக்கிறது. சிறுநீர்ப் பையைப் பார்த்தேன், எட்டு மணி நேரத்தில் 180 மில்லி, தேநீர் நிறம். உடம்பில் தண்ணீர் இல்லை. ட்யூட்டி டாக்டரிடம் சொன்னதும் பார்த்துவிட்டு ஒரு பாட்டில் ரிங்கர் லாக்டேட் கூடுதலாக ஓடியது. மாலை நான்கு மணிக்கு மறுபடி நிற்கவைத்தபோது 122/76. அதே இடத்தில் இருபது முறை கால் மாற்றி மிதித்தார், பிறகு வார்டு வாசல்வரை எட்டு மீட்டர். ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ள, ஒருவர் டிரெயின் பைகளைப் பிடிக்க, மகன் சிறுநீர்ப் பையை இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடிக்க, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரிதான் போனோம்.

எவ்வளவு நடந்தார் என்பதைவிட எப்படி மூச்சு வாங்கினார் என்பதைத்தான் பார்ப்பேன். பேசலாம், ஆனால் நடுவில் ஒரு மூச்சு எடுக்க வேண்டியிருக்கும், அந்த அளவு. அதற்குக் குறைவாக நடந்தால் நுரையீரலுக்கு அது படுத்திருப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல். நிமிர்ந்து நிற்பதே உதரவிதானத்தைக் கீழே இறக்குகிறது, நடை ஆழமாக இழுக்க வைக்கிறது. ஆக்சிஜன் 88க்குக் கீழே போனால், நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால் நிறுத்தம்.

செவ்வாய்க்கிழமை நான்கு முறை நடை, ஒவ்வொன்றும் இருபது மீட்டருக்குக் குறையாமல். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் அந்த நான்கு மூச்சு, இரண்டு சுற்று; மகன் செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டார். புதன்கிழமை ஆக்சிஜன் இல்லாமல் 95, மூச்சு 20, வலது அடியில் சத்தம் திரும்பியிருந்தது. காய்ச்சலை நான் அளவுகோலாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு நாள் காய்ச்சல் என்றாலே நுரையீரல் சுருங்கல் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள், அதற்கு ஆதாரம் பலவீனம். ஆபரேஷனால் வரும் அழற்சியே உடம்பைச் சுட வைக்கும்.

இதில் எனக்கு உறுத்தல் ஒன்று உண்டு. 2018இல் பி.எம்.ஜே. இதழில் வந்த ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆய்வில், முன்கூட்டியே தேதி குறித்த மேல்வயிற்று ஆபரேஷனுக்கு வந்த 441 பேரில் ஒரு பாதிப் பேருக்கு, ஆபரேஷனுக்கு முன்பே பிசியோ ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து இந்த மூச்சையும் இருமலையும் ஏன் எதற்கென்று சொல்லிக்கொடுத்தார். அவர்களுக்கு நுரையீரல் சிக்கல் பாதியாகக் குறைந்தது. நம்மவர் அவசரத்தில் வந்தவர், அந்த அரை மணி நேரம் அவருக்குக் கிடைக்க வழியில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கிடைத்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மாலை, ஆறாம் நாள், மறுபடி காய்ச்சல், 101.6. கேஸ் ஷீட்டில் மறுபடி அதே வரி. “வலது அடிப்பகுதியில் மூச்சுச் சத்தம் குறைவு. பி.டி. கொடுக்கவும்.”

போய்ப் பார்த்தேன். சத்தம் குறைந்திருந்தது உண்மை. மற்ற எல்லாம் வேறு. ஆக்சிஜன் 95, நடை நூறு மீட்டர், சளி இரண்டு நாளாக இல்லை, ஹஃப் செய்தால் காய்ந்த சத்தம், பொரிவும் இல்லை. முதுகில் விரல் வைத்துத் தட்டினால் வலது அடி கல்லைத் தட்டுவது போல மந்தமாக இருந்தது. “தொண்ணூத்தி ஒம்பது” என்று சொல்லச் சொல்லிக் கையை வைத்தால் அந்த இடத்தில் அதிர்வே இல்லை. நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையில் தண்ணீர் இருந்தால் இப்படி இருக்கும். இதோடு காலையிலிருந்து விக்கல், கூடவே வலது தோள்பட்டை நுனியில் வலி. “மூட்டை தூக்குன தோளு தாயி, அப்படித்தான் வலிக்கும்” என்றார். ஆறு நாளாக மூட்டை தூக்காத தோள். உதரவிதானத்துக்கும் தோள் நுனிக்கும் நரம்பு வேர் ஒன்றுதான், உதரவிதானத்தின் அடியில் எரிச்சல் இருந்தால் தோளில் வலிக்கும், விக்கலும் வரும். குடலில் ஓட்டை விழுந்து வயிற்றுக்குள் குடல் சாறு சிந்திய ஆள், ஆறாம் நாள் காய்ச்சல், இவ்வளவும் சேர்ந்தால் நான் மேலே பார்க்க மாட்டேன், கீழே பார்ப்பேன்.

சர்ஜரி பிஜி டாக்டரிடம் போன் செய்து, “சார், இது சளி இல்ல, நான் தட்டவும் மாட்டேன் சாய்க்கவும் மாட்டேன், ஒரு ஸ்கேன் பாருங்க” என்றேன். கொஞ்சம் துடுக்காகத்தான் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படாமல் வந்து தானே தட்டிப் பார்த்தார். அன்று இரவு அல்ட்ராசவுண்டில் வலது உதரவிதானத்துக்கும் கல்லீரலுக்கும் நடுவில் சீழ்த் தேக்கம், அதன் எரிச்சலால் மேலே நெஞ்சுக்கூட்டில் கொஞ்சம் தண்ணீர். மறுநாள் ஸ்கேன் பார்த்தபடியே மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டார்கள், முதலில் 150 மில்லி அளவு சீழ் வந்தது. நெஞ்சுத் தண்ணீரைத் தொடவில்லை, அது தானாக வற்றியது.

இவரைக் கவிழ்த்துக் கால்மாட்டைத் தூக்கியிருந்தால் நுரையீரலிலிருந்து ஒன்றும் வடிந்திருக்காது, வடிய அங்கே எதுவும் இல்லை. நெஞ்சுத் தண்ணீர் நுரையீரலுக்கு வெளியே இருப்பது, எப்படிச் சாய்த்தாலும் மூச்சுக்குழாய்க்கு வராது. வலியும், இரண்டு நாள் தாமதமும்தான் மிச்சமாகியிருக்கும்.

குழாய் வைத்த மறுநாளே மறுபடி நடை தொடங்கியது, பையை இடுப்பில் சொருகிக்கொண்டு. பதின்மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். ஒரு மாதம் கழித்து வந்தபோது வலது அடியில் சத்தம் கொஞ்சம் மெலிவாகவே இருந்தது, விலா இரண்டு பக்கமும் சமமாக விரிந்தது, மாடி ஏறினால் 97. பீடியை விட்டுவிட்டதாகச் சொன்னார். வீட்டம்மா பின்னாலிருந்து இல்லை என்று தலையாட்டினார். மூட்டைக்கு எப்போது போகலாம் என்று கேட்டார். அதை சர்ஜன்தான் சொல்ல வேண்டும் என்று அடுத்த அறைக்கு அனுப்பினேன்.